காந்திமதியக்காவும் ஈ.எஸ்.ஆரும்

சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் விடுதியில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் அது முதலில் போய்ச் சேரும் இடம் காந்திமதியின் அறை. டாக்டர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரும்பாலும் அந்த அப்புறம் வருவதே இல்லை.

காந்திமதி அந்த விடுதியின் வார்டன். பிறந்தது பிள்ளைப்பாக்கம். அப்பா பயிர் வைத்த நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் பஸ்கள் நிற்கின்றன. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வெயிலில் குனிந்து களை பிடுங்கிய இடத்தில் ஏசி பஸ் நிற்கிறதே என்று பெருமையாகத்தான் சொல்வார். ஷூ கம்பெனியில் பல வருஷம் நின்று வேலை பார்த்து முட்டி தேய்ந்ததும், தெரிந்தவர் சொல்லி இந்த வார்டன் வேலைக்கு வந்தார். மூன்று மாடி, மாடிக்கு மாடி பெண்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம். செல்போன் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்பவர்கள். அவர்களுக்குச் சமைக்க ஒரு ஆள் உண்டு. கரண்டி பிடித்துப் பரிமாறுவது மட்டும் காந்திமதி. அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட முடியாது.

ரிப்போர்ட் வாசிக்கும் பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகவும் கேட்கவில்லை. கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் வைத்து ரத்தம் எடுப்பார்கள். சில நாள் கழித்து ஆளுக்கொரு தாள் கைக்கு வரும். தாள் முழுக்க இங்கிலீஷ் எழுத்துகள், அதுவும் பாதிப் பாதி எழுத்துகள். முழு வார்த்தையாக இருந்தாலாவது டிப்ளமா படித்த பெண்கள் கூட்டிப் படித்துவிடுவார்கள். எச்.பி., டி.சி., ஈ.எஸ்.ஆர். என்று தலையும் வாலும் மட்டும் இருந்தால் என்ன செய்வது? ஒருத்தி வாய் விட்டே கேட்டாள், "ஈ.எஸ்.ஆர்.னா ஈ.எஸ்.ஐ. கார்டுல வாரதாக்கா? அதுக்கும் சம்பளத்துல பிடிப்பாவளா?"

காந்திமதிக்கு எச்.பி. தெரியும். மகள் வயிற்றில் இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மாதம் தவறாமல் "எச்.பி. எட்டு, எச்.பி. எட்டு" என்று திட்டியதில் தெரிந்துகொண்டது. எச்.பி. என்றால் ரத்தம். பொம்பளைக்குப் பன்னிரண்டு இருக்கணும், அதற்குக் கீழே இருந்தால் ரத்தம் கம்மி. இவ்வளவும் சரிதான். சிக்கல் என்னவென்றால், தாளில் எச்.பி.யோடு நிற்காமல் கீழே இன்னும் பத்துப் பதினைந்து வரி இருந்தது. ஒரு வரியைச் சரியாகச் சொன்னவர் அடுத்த வரியில் "தெரியாது" என்றால் முதல் வரியின் மதிப்பும் போய்விடும் அல்லவா? ஆகவே காந்திமதி அடுத்த வரிகளுக்கும் அர்த்தம் சொன்னார்.

டி.சி.யைக் கண்டால் "அது சும்மா கணக்கு" என்று தாண்டிவிடுவார். ஈ.எஸ்.ஆர். மட்டும் பெண்கள் பலருக்கு இருபத்தைந்து, முப்பது என்று வந்து, பக்கத்தில், அளவு அதிகம் என்பதற்கு அடையாளமாக, எச் என்ற எழுத்தும் தடிமனாக அச்சாகியிருந்தது. அதைத் தாண்ட முடியவில்லை. கொஞ்சம் யோசித்து, "அது உடம்பு சூடு" என்றார்.

அந்தப் பதில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. மெஷின் பக்கத்தில் நிற்கிறோம், நைட் ஷிஃப்ட் பார்க்கிறோம், சூடு ஏறாமல் என்ன செய்யும்? மோர் குடித்தார்கள். சனிக்கிழமை எண்ணெய் வைத்தார்கள். ரத்தம் கம்மி என்றால் காந்திமதி சுவரொட்டி சாப்பிடச் சொல்வார். ஆட்டு மண்ணீரலைச் சுட்டுச் சாப்பிட்டால் ஒரே மாதத்தில் எச்.பி. ஏறும் என்பார். விடுதியில் பெண்கள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்ற விதியைப் போட்டவரும் அவர்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள பிரச்சினையை அவரும் யோசிக்கவில்லை, பெண்களும் மரியாதைக்காகக் கேட்கவில்லை.

இந்த வருஷம் கேம்ப் முடிந்து தாள்கள் வந்தபோது, இரண்டாம் மாடி சுகப்பிரியா கடைசி ஆளாக வந்தாள். கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். ஒரு வாரமாக அவளுக்குக் காய்ச்சல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மாத்திரை போட்டால் விடும், ஷிஃப்டுக்குப் போவாள், திரும்பி வந்தால் மறுபடி அடிக்கும். ஒரு பக்கம் இடுப்புக்கு மேலே வலி வேறு.

காந்திமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். எச்.பி. எட்டு புள்ளி ஒன்பது. எதிர்பார்த்ததுதான். ஈ.எஸ்.ஆர். அறுபத்து நான்கு. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாடி இது, அறுபத்து நாலா? உடம்பா அடுப்பா?" என்றார்.

"ரொம்ப அதிகமாக்கா?"

"சூடு தலைக்கு ஏறிக்கீது கண்ணு. அதான் காய்ச்சலு. நீ மாத்திரை மாத்திரையா போட்டுக்கினு இருந்தா எப்பிடி எறங்கும்? இன்னிக்கு எண்ணெ வெச்சிக் குளி."

சுகப்பிரியா தயங்கினாள். "காய்ச்சலோட குளிக்கலாமாக்கா?"

"சூட்டுக் காய்ச்சலுக்குக் குளிக்கலாம்," என்றார் காந்திமதி. அப்படி ஒரு காய்ச்சலை அந்த நிமிஷம்தான் அவர் உண்டாக்கினார். பிறகு தானே மாடியேறிப் போய், தன் நல்லெண்ணெயை எடுத்து, அவள் தலையில் அரக்கித் தேய்த்துவிட்டார். பிள்ளைகள் மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் சுகப்பிரியாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிட்டித்து நடுங்கினாள். இரண்டு போர்வை போதாமல் மூன்றாவது போர்த்தினார்கள்.

அவளுடைய அறைத் தோழி பேச்சி. சங்கரன்கோவில்காரி, தைரியசாலி, கையில் போன் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அவள் அந்தத் தாளை எடுத்து, போனில் ஈ.எஸ்.ஆர். என்று போட்டுப் பார்த்தாள். வந்த பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வியாதிகள் இருந்தன. அதில் பேச்சிக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர் ஒன்றுதான்.

"ஏட்டி, இது டி.பி.லா," என்றாள்.

விடுதியில் ஒரு செய்தி மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குப் படிக்கட்டு வேண்டியதில்லை. அரை மணியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காந்திமதிக்கும் தெரிந்தது. உடம்பு சூடு என்று சொன்னவர் என்ன சொல்வாரோ என்று பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை.

"நான் சொல்லல? அறுபத்து நாலுன்னதுமே எனக்குத் தெரியும். பொண்ணு பயப்படக் கூடாதேன்னுதான் சூடுன்னு சொன்னேன்," என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டு, சுகப்பிரியாவைக் கீழே அரிசி மூட்டை வைக்கும் அறைக்கு மாற்றினார். தனித் தட்டு, தனி டம்ளர். வாசலிலேயே வைத்துவிட்டு வரவேண்டும், உள்ளே போகக் கூடாது. சுகப்பிரியா போய்ப் படுத்துக்கொண்டாள். அரிசி மூட்டைக்கு டி.பி. ஒட்டாதா என்று யாருக்கும் தோன்றவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஈ.எஸ்.ஆர். எகிறினால் டி.பி. என்று ஆனபின், பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்கள் எல்லாம் வெளியே வந்தன. ஒருத்திக்கு இருபத்தெட்டு, ஒருத்திக்கு முப்பத்து மூன்று. எல்லாருக்கும் பக்கத்தில் எச். பாதி விடுதிக்கு டி.பி. என்று கணக்கு வந்தது. எச் போடாத பெண்கள் எச் போட்ட பெண்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கட்சி. சாதி, ஊர், ஷிஃப்ட் என்று பார்க்காத பிள்ளைகள், பேப்பரில் அச்சான ஓர் எழுத்தைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

காந்திமதிக்கு வேறு கவலை. எண்ணெய் தேய்த்துவிட்டது அவர்தானே? சுகப்பிரியாவின் மூச்சு அவர் முகத்தில் பட்டிருக்கும். மறுநாள் விடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஸ்டாப் அருகே இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போய்க் கையை நீட்டினார். அங்கே ரத்தம் எடுக்கும் பெண், "என்ன டெஸ்ட்டும்மா?" என்று கேட்டாள்.

"எல்லாம். அந்த ஈ.எஸ்.ஆர். முக்கியமா."

சில மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்துவிட்டது. மூடிய கவர். ஊரார் தாளையெல்லாம் நடுவீட்டில் விரித்து வாசித்தவருக்குத் தன் கவரைப் பிரிக்கக் கை வரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு வேனைப் பிடித்து, சுகப்பிரியாவையும் எச் போட்ட பெண்களில் அதிகம் அழுதவர்களையும் ஏற்றிக்கொண்டு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டார். சுகப்பிரியா முன் சீட்டில், ஜன்னல் திறந்து, தனியாக. பேச்சி துணைக்கு வந்தாள். அவளுக்கு எச் இல்லை. ஆனாலும் முடிவு தெரியாமல் அவளால் விடுதியில் இருக்க முடியாது.

டாக்டர் மதிவதனிக்கு நாற்பது வயது இருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும், "என்ன, ஹாஸ்டலே வந்துடுச்சா?" என்றார். காந்திமதி முன்னால் போய், குரலைத் தாழ்த்தி, "டி.பி. மேடம். ஈ.எஸ்.ஆர். அறுபத்து நாலு," என்றார்.

டாக்டர் தாளை வாங்கினார். காந்திமதி காட்டிய வரியில் அவர் கண் நிற்கவில்லை. அதற்கு மேலே, "சும்மா கணக்கு" என்று காந்திமதி தாண்டிய டி.சி.யில் நின்றது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை அது; தொற்று இருந்தால் ஏறும். பதின்மூவாயிரத்துக்கு மேல் இருந்தது.

"இருமல் இருக்கா?" என்று சுகப்பிரியாவைக் கேட்டார்.

"இல்ல மேடம்."

"எடை குறைஞ்சுதா? ராத்திரி வேர்க்குதா?"

"இல்ல."

"வலி எங்க?"

சுகப்பிரியா முதுகில், விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். டாக்டர் அங்கே லேசாகத் தட்டியதும் துடித்துப்போனாள்.

"யூரின் போகும்போது எரியுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அறை வாசலில் அத்தனை பேர். "ரொம்ப நாளா எரியுது மேடம். வெளிய சொல்லச் சங்கடமா இருந்துச்சு," என்றாள்.

"தண்ணி எவ்வளவு குடிப்பே?"

"ஷிஃப்ட்ல குடிக்க மாட்டேன் மேடம். பாத்ரூம் போவணும்னா நம்ம இடத்துல நிக்க இன்னொரு ஆள் வரணும். கேட்டா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாப்பாவ. அதான் குடிக்கிறதே இல்ல."

வாசலில் நின்ற பெண்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அவர்களும் குடிப்பதில்லை.

யூரின் டெஸ்ட் எடுத்தார்கள். சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. சந்தேகத்துக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. டி.பி. இல்லை; சிறுநீர்த் தொற்று, கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது, ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்போ அந்த அறுபத்து நாலு?" காந்திமதி விடவில்லை.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. தினமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. "ஒரு ஒல்லி ட்யூப்ல ரத்தத்தை நிறுத்தி வெச்சா, செவப்பு அணு எல்லாம் மெதுவா அடியில படியும். ஒரு மணி நேரத்துல எத்தனை மில்லிமீட்டர் எறங்குதுன்னு அளக்கறதுதான் ஈ.எஸ்.ஆர். உடம்புல எங்கயாவது தொற்றோ வீக்கமோ இருந்தா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், கனமாகி வேகமா எறங்கும். என்னமோ நடக்குதுன்னு மட்டும்தான் அது சொல்லும். என்ன நடக்குது, எங்க நடக்குதுன்னு சொல்லாது. அதை நாங்கதான் தேடணும்."

"எங்களுக்கும் எச் போட்டிருக்கே மேடம்?" பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள்.

டாக்டர் ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தார். எச்.பி. ஒன்பது புள்ளி நாலு. ஒன்பது. ஒன்பது புள்ளி எட்டு. எட்டு புள்ளி ஏழு.

"ரத்தம் கம்மியா இருந்தாலே ஈ.எஸ்.ஆர். கொஞ்சம் ஏறிக் காட்டும். எச்.பி.ங்கறது செவப்பு அணுக்குள்ள இருக்கற சத்து. மூச்சுக் காத்தை உடம்பு முழுக்கக் கொண்டுபோறது அதான். அது கம்மியானா மூச்சு வாங்கும், தலை சுத்தும், நின்னா கால் ஓயும். நீங்க எல்லாரும் எச் போட்ட வரியைப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கீங்க. பாக்க வேண்டியது எல் போட்ட வரி, எச்.பி. கம்மின்னு சொல்ற வரி."

"அடியில படியுமா மேடம், எங்க சாம்பார் மாதிரி?" என்றாள் பேச்சி.

பெண்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். காந்திமதி சிரிக்கவில்லை.

"சரி, இவ்வளவு பேருக்கும் ஒரே மாதிரி கம்மி. ஹாஸ்டல்ல என்ன சாப்புடறீங்க?" என்று கேட்ட டாக்டர், காந்திமதியின் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த கவரைப் பார்த்தார். "அது யாரோடது? குடுங்க."

காந்திமதி கொடுத்தார். டாக்டர் பிரித்து வாசித்தார். "ஈ.எஸ்.ஆர். பத்து. எச்.பி. பதிமூணு புள்ளி எட்டு." நிமிர்ந்து பார்த்தார். "அருமையா இருக்கே. இது யாரு?"

"நான்தான் மேடம்."

"நீங்களும் அதே ஹாஸ்டல் சாப்பாடா?"

"அதே சாப்பாடுதான் மேடம். பசங்க எல்லாம் சாப்ட்ட பின்னாடி, கடைசியா மிச்சம் இருக்கறதைத்தான் நான் சாப்புடறது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தியாகம் இருந்தது. அது பொய்யும் இல்லை. இத்தனை வருஷமும் அவர் எல்லாருக்கும் கடைசியாகத்தான் சாப்பிட்டார்.

வாசலில் நின்றவர்களுக்கு விடுதி அண்டா கண்முன் வந்தது. அண்டாவில் மேலாக மொண்டு ஊற்றிய தெளிவைத்தான் பெண்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். பருப்பும், காயும், கீரைக் கூட்டின் கீரையும் அடியில் மிச்சமிருக்கும். முட்டை வரும் நாளில் உடைந்தவையும் அவருக்குத்தான். காந்திமதி எதையும் திருடியதில்லை. கரண்டியை அடிவரைக்கும் விட்டதில்லை, அவ்வளவுதான்.

"மிச்சமா," என்றாள் பேச்சி, மெல்ல. "அப்ப நாளைலருந்து நாங்க மிச்சத்தைச் சாப்பிடுதோம்க்கா. நீங்க முதல்ல சாப்பிடுங்க."

டாக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "வயசும் ஒரு காரணம். மாசம் வர்றது நின்னுட்டா ரத்தம் போறதில்ல, அதனால எச்.பி. நிக்கும்," என்று ஒரு வழி திறந்துவிட்டார். காந்திமதி அந்த வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேனில் திரும்பும்போது மூன்று முறை சொன்னார், "எனக்கு நின்னு நாலு வருஷம் ஆவுது, அதான்."

பெண்கள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அவர்கள் சண்டை போடவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் வந்து, அண்டாவை மரியாதையாக எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும், "கலக்கி ஊத்துங்கக்கா," என்றாள். காந்திமதி கலக்கி ஊற்றினார். கடைசியில் தன் தட்டோடு உட்கார்ந்தபோது அவருக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வந்ததுதான். பசி அடங்கவில்லை. முதன்முறையாகச் சமையல்காரரைக் கூப்பிட்டு, "பருப்பு இன்னும் கொஞ்சம் போட மாட்டியா? இன்னா சாம்பார் இது?" என்று சத்தம் போட்டார். வார்டன் சத்தம் போட்டால் சாப்பாட்டுக் காண்ட்ராக்டர் காதுக்குப் போகும். அடுத்த மாதத்திலிருந்து பருப்பு கூடியது. இத்தனை வருஷம் பெண்கள் சொன்னதைக் கேட்காத காண்ட்ராக்டர், ஒரு வார்டனின் பசியைக் கேட்டுக்கொண்டார்.

சுகப்பிரியா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காந்திமதி தினமும் போய்ப் பார்த்தார். அரிசி அறையைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒருநாள் மட்டும், ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடி, "எண்ணெ தேச்சது தப்பா போச்சு கண்ணு," என்றார். "போட்டும்க்கா. கை சூடா நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் சுகப்பிரியா.

காய்ச்சல் விட்டு வந்த அவளுக்கு, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் தேவைப்படும்போது பாத்ரூம் போகவும் விட வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனி அதை மதித்தது. சீட்டு இருப்பவருக்கு மட்டும் அனுமதி என்று ஆனது. பிறகு ரத்த சோகை விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தி, பெண்கள் சத்தாகச் சாப்பிட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பேசினார்கள். பாத்ரூமைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகளைப் பெண்கள் டீயோடு சேர்க்காமல் விழுங்கினார்கள். சில மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் எச்.பி. பத்தரை, பதினொன்று என்று ஏறியிருந்தது. சுகப்பிரியாவின் ஈ.எஸ்.ஆர். இருபதுக்குக் கீழே வந்துவிட்டது.

காந்திமதி அந்தத் தாள்களையும் வாசித்தார். ஆனால் பழைய மாதிரி இல்லை. எச்.பி. என்றால் இன்னது, ஈ.எஸ்.ஆர். என்றால் இன்னது என்று டாக்டர் சொன்னபடி சொல்வார். அதற்கு மேல் கேட்டால், "எனக்குத் தெரியாது. டாக்டராண்ட போய்க் கேளு," என்பார். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. சொன்னபின் மனசு லேசாகத்தான் இருந்தது.

தை மாதம் புதிதாக ஒரு செட் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி, வேலையில் சேரும்போது எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். என்று ஒரு வரியைக் காட்டி, "இது என்னக்கா?" என்றாள். காந்திமதி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெரியாது என்று உண்மையைச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "இங்க எல்லாம் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னாங்களே," என்று முனகியபடி தாளை மடித்தாள்.

"அது இவங்க இல்லட்டி," என்று படிக்கட்டில் நின்ற இன்னொருத்தி கூப்பிட்டாள். "ரெண்டாவது மாடி பேச்சியக்காட்ட வா. போனைப் பாத்து டக்குன்னு சொல்லிருவாவ."

இருவரும் மேலே ஓடினார்கள். காந்திமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கப் போனார். மாடியிலிருந்து பேச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது. கொஞ்சமும் தயக்கம் இல்லாத குரல்.